மூன்று கொட்டேஷன், மூன்று வேறு ஆலைகள்

மன்னார்குடி பக்கம் சின்னதாக ஒரு புழுங்கல் அரிசி ஆலை நடத்துகிறேன். சொந்தமாக நெல் வாங்கி அரைப்பதோடு அரசுக்கு அரவை முகவராகவும் இருக்கிறேன். பிப்ரவரி 20-ல் ஃபயர் பாலிசி முடிகிறது. மூன்று புரோக்கரிடம் கொட்டேஷன் கேட்டேன். முதல் ஆள் 39,600 ரூபாய், இரண்டாவது ஆள் 80,750, மூன்றாவது ஆள் 1,05,000 என்கிறார்கள், ஜிஎஸ்டி தனி. முதல் ஆளும் மூன்றாவது ஆளும் கொண்டு வந்தது ஒரே கம்பெனியின் கொட்டேஷன்! முதல் ஆள், “உங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுங்கள், இன்னும் குறைத்துத் தருகிறேன்” என்கிறார். மூன்று கொட்டேஷனும், பழைய பாலிசியும், பேலன்ஸ் ஷீட்டும், ஆலையின் விவரமும் இணைத்திருக்கிறேன். யாரை நம்புவது?

— வாசகர், மன்னார்குடி வட்டம்

ஆளை அப்புறம் பார்க்கலாம். முதலில் மூன்று தாளிலும் காப்புத்தொகை என்று இருக்கும் வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தாளில் 1.80 கோடி, இரண்டாவதில் 4.25 கோடி, மூன்றாவதில் 5.25 கோடி. அதாவது மூன்று பேரும் உங்கள் ஆலைக்கு விலை சொல்லவில்லை. அவரவர் மனதில் இருந்த ஆலைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பிரீமியத்தைக் காப்புத்தொகையால் வகுத்துப் பார்த்தால் கதையே மாறிவிடும். முதல் ஆள் ஆயிரம் ரூபாய் மதிப்புக்கு 2 ரூபாய் 20 காசு கேட்கிறார். இரண்டாமவர் 1 ரூபாய் 90 காசு, மூன்றாமவர் 2 ரூபாய். மலிவு என்று நீங்கள் நினைத்தவர்தான் மூவரிலும் அதிக விலை சொன்னவர். ஆலையின் மதிப்பில் பாதிகூட இல்லாமல் குறைத்துக் காட்டியதால் தொகை சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

1.80 கோடி எங்கிருந்து வந்தது என்பது உங்கள் பழைய பாலிசியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கட்டடம் 42 லட்சம், இயந்திரம் 78 லட்சம், சரக்கு 60 லட்சம். முதல் இரண்டும் பேலன்ஸ் ஷீட்டில் தேய்மானம் போக நிற்கும் எண்கள். ஆடிட்டர் வருமான வரிக்காகப் போட்ட கணக்கு அது. எரிந்த இயந்திரத்துக்குப் பதிலாகப் புதிது வாங்கப் போகும்போது அந்தக் கணக்கைக் காட்டினால் கோயம்புத்தூரில் யாரும் மெஷின் தர மாட்டார்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் கலர் சார்ட்டர், பாய்லர், டிரையர், எலிவேட்டர்கள், பேனல் போர்டு எல்லாவற்றையும் இன்றைய விலையில் கூட்டினால் 1.85 கோடி வருகிறது.

இப்போது டிரையர் எலிவேட்டரில் தீப்பிடித்து 20 லட்சம் ரூபாய்க்கு நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். காப்புத்தொகை 78 லட்சம், உண்மை மதிப்பு 1.85 கோடி. நஷ்டத்தையும் அதே விகிதத்தில்தான் தருவார்கள்: 185-ல் 78 பங்கு. 20 லட்சத்துக்குக் கையில் வருவது சுமார் 8.43 லட்சம், அதிலும் எக்சஸ் என்று நீங்களே ஏற்க வேண்டிய ஒரு பகுதி கழியும். “பாலிசி 78 லட்சத்துக்கு இருக்கிறதே, நஷ்டம் 20 லட்சம்தானே” என்று ஆலைக்காரர்கள் என்னிடம் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறார்கள். நான் இன்சூரன்ஸ் நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயராக இருந்த காலத்தில் அதிகம் கெட்ட பெயர் வாங்கியது இந்த ஒரு கணக்கால்தான். இப்போதைய சிறுதொழில் பாலிசிகளில் 15 சதவீதம் வரை மதிப்பு குறைந்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். உங்களுக்கு 58 சதவீதம் குறைகிறது.

அடுத்து, இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையே சரியாக 1 கோடி வித்தியாசம். அது நீங்கள் அரைத்துக் கொடுக்க வாங்கி வைத்திருக்கும் அரசு நெல். இரண்டாமவர் நேரில் வந்து கட்டடம், இயந்திரம், உங்கள் சொந்தச் சரக்கு எல்லாம் ஒழுங்காக மதிப்பிட்டிருக்கிறார். குடோனின் வடக்குப் பாதியில் அடுக்கியிருந்த மூட்டைகளை “உங்களுடையது இல்லையே” என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

இதை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். திருவாரூர் பக்கம் ஓர் ஆலை, பெயர் வேண்டாம். தீ அணைந்து இரண்டு நாள் கழித்துப் போனேன். மேல் அடுக்கு கரிந்து, நடு அடுக்கு தண்ணீரில் ஊறி முளைவிட ஆரம்பித்திருந்தது. மூட்டை எண்ணிக்கொண்டே போனால், பாதி எரிந்த சாக்குகளில் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் முத்திரை. பாலிசியில் ‘சொந்தச் சரக்கு’ என்று மட்டும்தான் இருந்தது. பிறர் பொருளைப் பொறுப்பில் வைத்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லி எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீ பாலிசியில் அது சேராது. ஆலைக்காரருக்குக் கம்பெனியும் தரவில்லை, கழகத்துக்குக் கொடுக்க வேண்டியதும் நின்றபாடில்லை. நெல் அவர்களுடையது, ஆனால் ஆலைக்குள் இறங்கிய நிமிடத்திலிருந்து பொறுப்பு உங்களுடையது. உங்கள் அரவை ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பத்தியைப் படியுங்கள். எவ்வளவு நெல் ஒரே நேரத்தில் உங்களிடம் நிற்கலாம் என்பதையும் பாருங்கள். நீங்கள் எழுதியபடி 40 கிலோ மூட்டை 10,000 என்றால் 4,000 குவிண்டால். குவிண்டால் 2,500 என்று போட்டால் 1 கோடி.

அந்த 1 கோடி இன்னொரு வேலையும் செய்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் சிறுதொழில்களுக்கான தீ பாலிசி இரண்டாகப் பிரிந்தது. பாலிசி தொடங்கும் நாளில் ஓர் இடத்தில் இருக்கும் மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி வரை என்றால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. 5 கோடியைத் தாண்டி 50 கோடி வரை என்றால் பாரத் லகு உத்யம் சுரக்ஷா. முதல் இருவர் சூக்ஷ்மா போட்டிருக்கிறார்கள், மூன்றாமவர் லகு. பிப்ரவரி 20 என்றால் சம்பா நெல் குடோன் நிறைய இருக்கும் சமயம். அரசு நெல்லையும் சேர்த்தால் நீங்கள் 5 கோடியைத் தாண்டிவிடுகிறீர்கள். “எந்தப் பாலிசி” என்ற கேள்வியைக் கிளெய்ம் நேரத்தில் சர்வேயர் கேட்பதைவிட இப்போது நீங்கள் கேட்டுவிடுவது நல்லது.

சரி, இனி செய்ய வேண்டியது. இந்த மூன்றையும் ஓரம் கட்டிவிட்டு, நீங்களே ஒரு தாள் தயாரியுங்கள். இரண்டு பக்கம் போதும். மேலே தேதி போட்டு, அதே தாளை ஒரே நாளில் மூவருக்கும் அனுப்புங்கள். மதிப்புப் பகுதி இப்படி இருக்கட்டும் (எண்கள் நீங்கள் கொடுத்ததிலிருந்து நான் கூட்டியவை, சரிபார்த்துக்கொள்ளுங்கள்):

கட்டடம்: ஆலை, பாய்லர் அறை, குடோன், அலுவலகம் 9,000 சதுர அடி, இன்று கட்டினால் சதுர அடி 1,300 வீதம் 1.17 கோடி, ஊறத் தொட்டி, களம், சுற்றுச்சுவர் 13 லட்சம். ஆக 1.30 கோடி.
இயந்திரங்கள், மின்சாதனங்கள்: இன்றைய புது விலையில், ஏற்று இறக்குக் கூலி சேர்த்து, 1.85 கோடி (பட்டியல் இணைப்பு).
சொந்த நெல், அரிசி, தவிடு: ஆண்டின் உச்ச இருப்பு 1 கோடி.
அரவைக்காக எங்கள் பொறுப்பில் உள்ள, பிறருக்குச் சொந்தமான நெல், அரிசி: உச்ச இருப்பு 1 கோடி.
சாக்கு, மேசை நாற்காலி, கணினி: 10 லட்சம்.

கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் “புதிதாக மாற்றும் விலை அடிப்படையில்” என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாமல் ஒருவர் புது விலையிலும் இன்னொருவர் தேய்மானம் கழித்தும் விலை சொன்னால் மறுபடியும் இதே குழப்பம்தான். சரக்குக்கு மட்டும் விற்கும் விலையைப் போட வேண்டாம். உங்களுக்கு அடங்கிய விலை போதும்.

மதிப்பைவிட ஆலைக்காரர்கள் சொதப்புவது ஆபத்துகளை எழுதும் இடத்தில். பெரும்பாலும் “ஆர்சிசி கட்டடம், தீயணைப்பான் உண்டு” என்று முடித்துவிடுவார்கள். கம்பெனியில் விலை போடும் அதிகாரி உங்கள் ஊரைப் பார்த்ததில்லை. தெரியாத இடத்தில் அவர் மோசமானதையே நினைத்துக்கொண்டு விலை போடுவார். அதுதான் அவர் வேலை. ஒரே கம்பெனி முதல் ஆளுக்கு 2.20-ம் மூன்றாமவருக்கு 2.00-ம் சொன்னதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் காரணம்: முதல் ஆள் அனுப்பிய படிவத்தில் பாதிக் கட்டம் காலி.

வெள்ளத்தைப் பற்றி எழுதும்போது “ஆற்றுப் பக்கம்” என்று எழுதாமல் அளந்து எழுதுங்கள். பாமணியாற்றுக் கரையிலிருந்து எத்தனை மீட்டர், குடோன் தரை ரோட்டுக்கு மேல் எத்தனை அடி. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையின்போது முற்றத்தில் ஒன்றரை அடி தண்ணீர் நின்றது, குடோனுக்குள் வரவில்லை என்று உங்கள் கடிதத்திலேயே சொல்லியிருக்கிறீர்களே, அதை அப்படியே எழுதுங்கள். மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குகிறீர்கள் என்பதும் அதில் வரட்டும். டெல்டாவில் ஓர் ஆலைக்கு இந்த நான்கு வரிகள் தரும் மதிப்பு, பத்துத் தீயணைப்பான் படத்துக்கு இல்லை.

2018 நவம்பர் 16 கஜா புயலில் கூரைத் தகடு பறந்து 6 லட்சம் கிளெய்ம் வாங்கியிருக்கிறீர்கள். மூன்றாமவர் அதை எழுதியிருக்கிறார். முதல் ஆள் “முன்பு நஷ்டம் எதுவும் இல்லை” என்று எழுதியிருக்கிறார். இரண்டு தாளும் போனது ஒரே கம்பெனிக்கு, அநேகமாக ஒரே மேசைக்கு! அந்த அதிகாரி உங்களைப் பற்றி என்ன நினைப்பார்? இன்சூரன்ஸில் தெரிந்ததை மறைத்தால் கிளெய்மையே மறுக்க இடம் உண்டு. புரோக்கர் எழுதினாலும் கையெழுத்து உங்களுடையது. அந்தக் கிளெய்மையும், அதன் பின் தகடுகளைப் புது கொக்கி போட்டு இறுக்கியதையும் சேர்த்தே எழுதுங்கள். மறைத்தால் மாட்டிக்கொள்வீர்கள், சொன்னால் அது உங்களுக்குச் சாதகம்.

ஆலை வருடத்தில் எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்பதையும் விடாதீர்கள். சீசன் இல்லாத மாதங்களில் ஒன்றரை மாதம் நிறுத்துவதாகச் சொல்கிறீர்கள். 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு நின்றுவிடும் என்று தீ பாலிசிகளில் நிபந்தனை வருவதுண்டு. வாட்ச்மேன் குடும்பத்தோடு அங்கேயே தங்குகிறார் என்பதை எழுதி, அது போதுமா என்று பதிலும் எழுத்தில் வாங்குங்கள்.

என்ன காப்பு வேண்டும் என்பதில் நான் நீட்டப் போவதில்லை. தீ, மின்னல், புயல், வெள்ளம், கலவரம் எல்லாம் இந்த இரண்டு பாலிசிகளிலும் உள்ளே இருக்கின்றன. ஆனால் கம்பெனிகள் வேறு பெயரில் சொந்தப் பாலிசியும் விற்கின்றன. பழைய மாதிரித் தீ பாலிசியில் புயல், வெள்ளத்தை எடுத்துவிட்டுப் பிரீமியத்தைக் குறைக்கும் வழியும் இருந்தது. காவிரிக் கடைமடையில் அதை எடுத்துவிட்டு வாங்கும் பாலிசி எதற்கு? அதனால் பாலிசியின் முழுப் பெயரைக் கேளுங்கள். இரண்டு விஷயங்களுக்குத் தனி விலை கேளுங்கள்: ஒன்று, பாய்லர் தானாக வெடித்தால் பாய்லருக்கும் பக்கத்தில் இருப்பவற்றுக்கும், இரண்டு, கலர் சார்ட்டர் மாதிரி மின் இயந்திரம் தீயில்லாமலே கெட்டுப்போனால். வோல்டேஜ் ஏறி போர்டு போனால் ஃபயர் பாலிசி தராது. இவற்றை மொத்தத்தில் கலக்காமல் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

இனி புரோக்கர் பக்கம். மூவரும் ஒரே கம்பெனிக் கதவைத் தட்டினால் உங்களுக்கு மூன்று விலை கிடைக்காது, ஒரு எரிச்சல்தான் கிடைக்கும். அதனால் தாளை அனுப்பும் முன் ஒவ்வொருவரிடமும் “எந்தெந்தக் கம்பெனியில் கேட்கப் போகிறீர்கள்” என்று பட்டியல் வாங்கிப் பங்கு பிரித்துவிடுங்கள். பொதுத்துறையில் நான்கு பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன, தனியாரில் நிறைய. ஒரு கம்பெனி ஒருவருக்குத்தான். யார் யாருக்கு என்பதை ஒரு மின்னஞ்சலில் மூவருக்கும் சேர்த்தே எழுதிவிட்டால் சண்டை வராது.

முதல் ஆள் கேட்ட கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். “இனி எங்கள் சார்பில் இவர் மட்டுமே” என்று லெட்டர்ஹெட்டில் போய்விட்டால், கம்பெனிகள் மற்ற இருவரோடு பேசுவதை நிறுத்திவிடும். வேண்டுமென்றால் “இந்தத் தேதி வரை, இந்த இரண்டு கம்பெனிகளில் கொட்டேஷன் வாங்க மட்டும்” என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள். இன்னும் எப்படிக் குறைப்பார் என்றும் கேட்டுப் பாருங்கள். காப்பை வெட்டுவார், இல்லையென்றால் தன் கமிஷனில் பங்கு தருவதாகச் சொல்வார். இரண்டாவது, 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடுத்திருப்பது. வாங்கிக்கொள்பவருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

பதிலும் ஒரே அச்சில் வரட்டும். கம்பெனி பெயர், பாலிசியின் முழுப் பெயர், ஒவ்வொரு வரிக்கும் காப்புத்தொகை, ஆயிரத்துக்கு என்ன வீதம், ஜிஎஸ்டிக்கு முன் பிரீமியம், 20 லட்சம் நஷ்டம் வந்தால் எக்சஸாக எத்தனை ரூபாய் கழியும், என்னென்ன நிபந்தனைகள், எந்தத் தேதி வரை இந்த விலை. எக்சஸை ரூபாயில் கேட்பதற்குக் காரணம் உண்டு. சதவீதம் சொன்னால் காப்புத்தொகையில் சதவீதமா, நஷ்டத்தில் சதவீதமா என்று புரியாது. இரண்டுக்கும் வித்தியாசம் லட்சக்கணக்கில் போகும்.

காலக்கெடு பிப்ரவரி 8 என்று வையுங்கள். கம்பெனி ஆள் நேரில் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு நாள் வேண்டும், வங்கிக் கடன் இருப்பதால் வங்கியின் பெயரையும் பாலிசியில் சேர்க்க வேண்டும். பணம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காப்பு தொடங்கும். “புரோக்கரிடம் சொல்லிவிட்டேன்” என்பது எந்தத் தீயிலும் உதவாது.

நிபந்தனைகள் என்றேன், உங்கள் இரண்டாமவரின் 1.90-க்கு விடை அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில், “உமி, கட்டடத்திலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி மட்டுமே சேமிக்கப்படும்” என்று ஒரு வரி. நீங்கள் அனுப்பிய படத்தில் உமிக் குவியல் பாய்லர் அறைச் சுவரிலிருந்து 6 மீட்டர்கூட இருக்காது. உமி சுவாலையாக எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு கிடக்கும், காற்று அடிக்கும் அன்று வெளியே வரும். கம்பெனி அந்த வரியைச் சும்மா எழுதவில்லை. அந்தப் பாலிசியை வாங்கிவிட்டுக் குவியலை அங்கேயே வைத்திருந்தால் மலிவாக வாங்கியது பாலிசி இல்லை, ஒரு தகராறு.

அதனால் மூவருக்கும் தாளை அனுப்பும் முன், கிழக்கு வேலியோரம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குவியலை நகர்த்திவிட்டு, டேப் வைத்து அளந்து, படம் எடுத்து, பிறகு “15 மீட்டர்” என்று எழுதுங்கள். மூவரின் விலையும் கொஞ்சம் இறங்கும். இடம் இல்லாவிட்டால் “6 மீட்டர்” என்றே எழுதி, அந்த நிபந்தனை இல்லாமல் என்ன விலை என்று கேளுங்கள். எழுதிவிட்டு அப்புறம் நகர்த்திக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். சம்பா நெல் லாரி லாரியாக இறங்க ஆரம்பித்துவிட்டால் ஏப்ரல் வரை உங்கள் ஆட்கள் யாரும் அந்த உமியைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.